கூட்டாளி விலகும்போது கணக்கு எங்கே பிசகுகிறது

சுங்கை சிப்புட் பக்கம், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள ஒரு பட்டணத்தில் மூன்று பேர் சேர்ந்து மளிகைக் கடை நடத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அண்ணன், தம்பி, தம்பியின் மச்சான். இலாபப் பங்கு 5:3:2. அண்ணனுக்கு வயதாகிவிட்டது, விலகப் போகிறார். மற்ற இருவரும் இனி சரிபாதியாக நடத்துவது என்று பேசி முடித்துவிட்டார்கள். வாய்ப்பேச்சு சுமுகமாக முடிந்த இந்த இடத்தில்தான் கணக்கு பிசகத் தொடங்கும்.

முதலில் நற்பெயரின் மதிப்பு, அதாவது கடைக்கு இருக்கும் பெயரால் தொடர்ந்து வரும் இலாபத்துக்குப் போடும் விலை. கடந்த மூன்று ஆண்டு இலாபம் 27,000, 39,000, 33,000 ரிங்கிட். கூட்டி மூன்றால் வகுத்தால் 33,000 வருகிறது. பெரும்பாலோர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். நடு ஆண்டின் 39,000-இல் பழைய லோரியை விற்று வந்த இலாபம் 9,000 ரிங்கிட் கலந்திருக்கிறது. லோரியை ஆண்டுதோறும் விற்க முடியாது என்பதால் அதைக் கழிக்க வேண்டும். கழித்தால் சராசரி 30,000. இரண்டு ஆண்டுக் கொள்முதல், அதாவது சராசரி இலாபத்தைப் போல் இரண்டு மடங்கு என்று மூவரும் ஒப்புக்கொண்டால் நற்பெயர் 60,000 ரிங்கிட், அதில் அண்ணனின் பாதி 30,000.

இந்த 30,000-ஐ யார் எவ்வளவு ஏற்பது? "பழைய பங்குப்படியே போட்டுருவோம், எனக்கு மூணு, மச்சானுக்கு ரெண்டு" என்பார் தம்பி. தாராள மனசுதான், ஆனால் கணக்கு அப்படிப் போகாது. அண்ணன் விட்டுச்செல்லும் பங்கில் யார் கைக்கு எவ்வளவு போய்ச் சேருகிறதோ அந்த அளவில்தான் அவர் விலை கொடுக்க வேண்டும். புதிய பங்கிலிருந்து பழைய பங்கைக் கழித்துப் பாருங்கள். தம்பிக்கு 5/10-இல் 3/10 போக 2/10 கூடுகிறது. மச்சானுக்கு 5/10-இல் 2/10 போக 3/10 கூடுகிறது. ஆதாய விகிதம் 2:3. பழைய விகிதத்துக்கு நேர் தலைகீழ்.

ஆகவே தம்பி 12,000, மச்சான் 18,000. பழைய விகிதத்தில் போட்டிருந்தால் தம்பியின் தலையில் 6,000 ரிங்கிட் கூடுதலாக விழுந்திருக்கும். புதிய விகிதப்படி ஆளுக்கு 15,000 என்று பிரிப்பதும் தவறுதான். பழைய விகிதத்தைப் போடும் பழக்கம் எங்கிருந்து வருகிறது என்றால், புதிய விகிதம் எதுவும் பேசாதபோது மிஞ்சியவர்கள் தங்களுக்குள் பழைய 3:2-ஐயே தொடர்வார்கள். அப்போது ஆதாய விகிதமும் 3:2-தான் வரும். அந்த ஒரு நிலைமைக்குப் பொருந்துவதை எல்லா இடத்திலும் போட்டுவிடுகிறார்கள். போட்ட விடை சரியா என்று பார்க்க ஒரு வழி உண்டு: மிஞ்சியவர்களின் ஆதாயங்களைக் கூட்டினால் விலகுபவரின் பங்கு வர வேண்டும். இங்கே 2/10-உம் 3/10-உம் சேர்ந்து 5/10. யாருக்காவது கழித்தல் விடை வந்தால், அவரும் தம் பங்கில் கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்கிறார் என்று பொருள். அவருக்கும் நற்பெயரில் ஈடு கொடுத்தாக வேண்டும்.

கூட்டாளி ஒவ்வொருவரும் கடையில் போட்டிருக்கும் பணத்தைக் காட்டுவது அவரவர் முதல் கணக்கு. பதிவில் தம்பியின் முதல் கணக்கில் 12,000, மச்சானின் முதல் கணக்கில் 18,000 பற்று. அண்ணனின் முதல் கணக்கில் 30,000 வரவு. ரொக்கம் எதுவும் கைமாறவில்லை.

கண்ணில் படாத தவறு இன்னொன்று இருக்கிறது. இந்தக் கடையை முன்பு வேறொருவரிடமிருந்து வாங்கியபோது கொடுத்த நற்பெயர் 20,000 ரிங்கிட் இன்னும் இருப்புநிலைக் குறிப்பில் சொத்தாக உட்கார்ந்திருக்கிறது. அதை முதலில் மூவருக்கும் பழைய 5:3:2 விகிதத்தில் எழுதித் தள்ள வேண்டும். அண்ணனுக்கு 10,000, தம்பிக்கு 6,000, மச்சானுக்கு 4,000. தள்ளாமல் விட்டால் அண்ணனின் முதலுக்குள் பழைய நற்பெயரின் பாதி ஏற்கெனவே இருக்க, அதன்மேல் புதிதாக 30,000-உம் சேர்ந்துவிடும். ஒரே பொருளுக்கு இரண்டு முறை பணம் வாங்கிய கணக்கு.

மறுமதிப்பீட்டில் கடைக் கட்டடத்தின் மதிப்பு 25,000 ஏறியது எல்லோர் கண்ணிலும் படும். 555 புத்தகங்களில் கிடக்கும் கடன் படாது. தோட்டத்தில் சம்பளம் போட்டதும் வந்து கட்டுவார்கள் என்று எழுதிய பாக்கியில், வேலையை விட்டு ஊர் மாறிப்போனவர்களுடையது 9,000 ரிங்கிட். அதைக் கழித்தால் நிகர இலாபம் 16,000, அண்ணனின் பாதி 8,000.

இனி அண்ணனுக்குச் சேர வேண்டியது: முதல் 74,000, மறுமதிப்பீட்டு இலாபம் 8,000, நற்பெயர் 30,000 கூட்டி, பழைய நற்பெயர் 10,000-உம் இந்த ஆண்டு சொந்தத் தேவைக்குக் கடையிலிருந்து எடுத்த எடுப்பு 6,000-உம் கழித்தால் 96,000 ரிங்கிட். கையில் 24,000 கொடுத்துவிட்டு, மீதி 72,000-ஐ மூன்று ஆண்டுத் தவணையில், 5% வட்டியோடு கட்டுவதாக ஒப்பந்தம்.

இந்த 72,000-ஐ அண்ணனின் முதல் கணக்கிலேயே விட்டுவைக்கக் கூடாது. விலகிய நாளிலிருந்து அவர் கூட்டாளி அல்லர், கடன் கொடுத்தவர். தொகையை 'அண்ணன் கடன் கணக்கு' என்று தனிக் கணக்குக்கு மாற்றுங்கள்.

வட்டியில் நடக்கும் தவறு இதைவிடப் பெரிது. கார்த் தவணைக் கணக்கில் பழகியவர்கள் 72,000-க்கு 5%, மூன்று ஆண்டுக்கு 10,800 என்று மொத்தமாகப் போட்டுவிடுவார்கள். மீதி நிற்கும் தொகைக்குத்தான் வட்டி என்று ஒப்பந்தம் சொன்னால் கணக்கு வேறு. முதல் ஆண்டு வட்டி 3,600; அசல் 24,000 சேர்த்துக் கட்ட வேண்டியது 27,600. இரண்டாம் ஆண்டு நிற்பது 48,000, வட்டி 2,400, தவணை 26,400. மூன்றாம் ஆண்டு வட்டி 1,200, தவணை 25,200. மொத்த வட்டி 7,200-தான். இரண்டு முறைக்கும் 3,600 ரிங்கிட் வித்தியாசம் இருப்பதால் எந்த முறை என்பதை ஒப்பந்தத்தில் எழுத்தில் போட்டுவிடுங்கள். தவணையாகக் கட்டும் முழுத் தொகையையும் கடன் கணக்கில் கழிப்பதும் வழக்கமான பிழை. அசல் மட்டுமே கடனைக் குறைக்கும். வட்டி அந்த ஆண்டின் இலாப நட்டக் கணக்குக்குப் போகிற செலவு.

வட்டி பற்றி எதுவுமே பேசாமல் விட்டால்? இணையத்தில் தமிழ்க் காணொளி பார்த்துப் படிக்கும் நம் பிள்ளைகள் உடனே 6% என்பார்கள். அது இந்தியாவின் 1932 கூட்டாண்மைச் சட்டம். மலேசியாவில் நடைமுறையில் இருப்பது 1961 சட்டம். வேறு உடன்பாடு இல்லாமல், கணக்குத் தீர்க்காமல், விலகியவரின் சொத்தை வைத்தே மற்றவர்கள் தொழில் நடத்தினால், அந்தச் சொத்தால் வந்த இலாபத்தில் பங்கு கேட்கலாம், அல்லது தம் பங்குத் தொகைக்கு ஆண்டுக்கு 8% வட்டி கேட்கலாம். எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் உரிமை விலகியவருக்கே. கடை நன்றாக ஓடும் ஆண்டில் அவர் எதைக் கேட்பார் என்று சொல்லத் தேவையில்லை.

கூட்டாளி மாறியதை 30 நாளுக்குள் எஸ்.எஸ்.எம்.மில் பதிய வேண்டும். மொத்த வியாபாரிகளுக்கும் தெரிவித்துவிடுங்கள். தெரியாமல் சரக்கு கொடுத்தவர் பின்னாளில் அண்ணனையும் பணம் கேட்க முடியும்.

கடைசியாக, விலகிய பிறகும் அண்ணன் பழக்கத்தில் கடைக்கு வந்து அரிசி மூட்டையும் எண்ணெயும் எடுத்துப் போவார். பையன்கள் அதைப் பழையபடி எடுப்பு என்று எழுதிவிடுவார்கள். கூட்டாளியாக இல்லாதவருக்கு எடுப்பு ஏது? அது விற்பனை. காசு வாங்கலாம், அல்லது தவணையில் கழித்துக்கொள்ளலாம். கழிப்பதானால் தேதியும் தொகையும் எழுதி, அண்ணனின் கையெழுத்தையும் அன்றே வாங்கிக்கொள்ளுங்கள்.