பாலும் டீயும் மாத்திரையும்: அட்டையில் உள்ள எச்சரிக்கையைத் தப்பாகப் படிக்கும் இடங்கள்

'பாலுடன் எடுத்துக்கொள்ள வேண்டாம்' என்று மாத்திரை அட்டையில் அச்சடித்திருந்தால், அதைப் படிப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு பக்கமாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரு சாரார் மருந்து முடியும்வரை பால், தயிர், வெண்ணெய் எதையும் தொடுவதில்லை. இன்னொரு சாரார், பாலைக் கொண்டு மாத்திரையை விழுங்காமல் இருந்தால் போதும் என்று நினைத்து, தண்ணீரில் விழுங்கிவிட்டு அடுத்த நிமிடமே டீயை எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டுமே தப்பு. இரண்டாவதுதான் அதிகம் கெடுக்கிறது.

இந்த எச்சரிக்கைகளில் பெரும்பாலானவை அந்த உணவு உடம்புக்கு ஆகாது என்று சொல்லவில்லை. மருந்தும் உணவும் குடலில் ஒரே நேரத்தில் சந்திக்கக்கூடாது என்பதுதான் விஷயம். பாலில் உள்ள கால்சியம் சில மருந்துகளை இறுகப் பிடித்துக்கொள்கிறது. அப்படிப் பிணைந்த மருந்து குடல் சுவரைத் தாண்டி ரத்தத்துக்குள் போக முடியாமல் மலத்தோடு வெளியே போய்விடும். வாந்தி வராது, அரிப்பு வராது, வெளியில் ஒரு அறிகுறியும் தெரியாது. மருந்து வேலை செய்யவில்லை, அவ்வளவுதான்.

கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் ஒரு வழி இருக்கிறது. பால் சேர்க்காத டீயில் ஃபெரஸ் சல்பேட் என்ற இரும்பு உப்பின் கரைசலைச் சில சொட்டு விட்டால், டீ கொஞ்ச நேரத்தில் கருநீலமாகிவிடும். டீயின் துவர்ப்புக்குக் காரணமான டானின் வகைப் பொருட்கள் இரும்பைப் பிடித்துக்கொண்டதன் நிறம் அது. ஒரு காலத்தில் எழுதும் மையே இந்த வேதிவினையில்தான் தயாரித்தார்கள். ஃபெரஸ் சல்பேட் பல இரும்புச்சத்து மாத்திரைகளில் இருக்கும் உப்பு. அதை விழுங்கிவிட்டு டீ குடித்தால் வயிற்றுக்குள்ளும் இதே பிணைப்புதான் நடக்கும். பால் சேர்க்காத டீதானே, பரவாயில்லை என்று நினைப்பதும் அதனால் தப்பு. இரும்பைப் பொறுத்தவரை பாலும் தடை, டீயும் தடை. பால் சேர்த்த டீ என்றால் இரண்டும் சேர்ந்தே வருகிறது.

இரும்பு மாத்திரையில் சகஜமாக நடக்கும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டுகிறது என்று பாலோடு சேர்த்து விழுங்குகிறார்கள். குமட்டல் குறைவது உண்மைதான், கூடவே உள்ளே போகும் இரும்பும் குறைகிறது. பாலுக்குப் பதிலாகக் கொஞ்சம் திட உணவுக்குப் பிறகு எடுத்துக்கொள்ளலாம். அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் எடுக்கலாமா என்று மருத்துவரைக் கேட்கலாம். வைட்டமின் சி இருந்தால் இரும்பு நன்றாக உறிஞ்சப்படும் என்று ஆரஞ்சுச் சாற்றோடு எடுப்பவர்கள் பெட்டியைத் திருப்பிப் பார்ப்பது நல்லது. சில சாறுகளில் கால்சியம் சேர்த்து விற்கிறார்கள், ஒரு கை கொடுப்பதை மறு கை பிடுங்கிக்கொள்ளும். மாத்திரை உடம்பில் சேர்கிறதா என்று தெரிந்துகொள்ள ஹீமோகுளோபினைப் பார்த்தால் போதும். ஒழுங்காக எடுத்துக்கொண்டால் ஒரு மாதத்தில் குறைந்தது 1 கிராமாவது ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால் மாத்திரையை எதோடு, எப்போது எடுத்தீர்கள் என்பதுதான் முதல் கேள்வி.

ஆன்டிபயாட்டிக் என்றாலே பால் கூடாதா?

கூடாது என்று பலர் ஒரே போடாகப் போட்டுவிடுகிறார்கள். அமாக்ஸிசிலினுக்குப் பால் ஒரு பொருட்டே இல்லை. டெட்ராசைக்ளினுக்கும் சிப்ரோஃப்ளாக்சசினுக்கும் பால் பெரிய தடை. டெட்ராசைக்ளின் கால்சியத்தை எவ்வளவு விடாப்பிடியாகப் பிடிக்கும் என்பதற்குச் சாட்சி, சின்ன வயதில் அதைச் சாப்பிட்ட பிள்ளைகளின் பல்லில் நிலைத்துவிடும் கறை. வளரும் பல்லின் கால்சியத்தோடு மருந்து ஒட்டிக்கொண்டதால் வருவது அது. அதே குடும்பத்தைச் சேர்ந்த டாக்ஸிசைக்ளினைப் பால் அந்த அளவு தடுப்பதில்லை. ஆனால் இரும்பு மாத்திரை அதையும் கெடுக்கும். ஆகவே பக்கத்து வீட்டுக்காரருக்கு மருந்துக் கடையில் சொன்னதை உங்கள் மாத்திரைக்கும் சேர்த்து எடுத்துக்கொள்ள முடியாது. மருந்தின் பெயரைப் பார்த்துக் கேட்க வேண்டும்.

இந்த வகை மருந்துகளில் இடைவெளியை அளப்பதிலும் ஒரு கோளாறு நடக்கிறது. 'இரண்டு மணி நேரம் தள்ளி' என்று மனதில் பதிந்துவிட்டால், முன்னாலும் இரண்டு, பின்னாலும் இரண்டு என்று கணக்குப் போட்டுவிடுகிறோம். சிப்ரோஃப்ளாக்சசினை, அசிடிட்டிக்கான ஆன்டாசிட், கால்சியம், இரும்பு, துத்தநாகம் ஆகியவற்றுக்கு 2 மணி நேரம் முன்னால் எடுக்கலாம். அவற்றுக்குப் பின்னால் என்றால் 6 மணி நேரம் காத்திருக்க வேண்டும். காரணம் எளிது. மருந்து முதலில் போனால் இரண்டு மணி நேரத்தில் பெரும்பகுதி ரத்தத்துக்குள் போய்விடும், அப்புறம் வரும் கால்சியத்துக்குப் பிடிக்க ஆள் இருக்காது. கால்சியமோ இரும்போ முதலில் போயிருந்தால் அது குடலில் நெடுநேரம் கிடக்கும், பின்னால் வரும் மருந்து நேராகப் போய் அதில் மாட்டிக்கொள்ளும்.

மேலே ஆன்டாசிட்டையும் சேர்த்துச் சொன்னதைக் கவனித்திருப்பீர்கள். பாலைத் தவிர்ப்பதில் கண்ணும் கருத்துமாக இருப்பவர்கள்கூட, சப்பிச் சாப்பிடும் அசிடிட்டி மாத்திரையையும் சத்து மாத்திரையையும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒரு டம்ளர் பாலில் சுமார் 300 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது என்றால், கால்சியம் மாத்திரை ஒன்றிலேயே 500 மில்லிகிராம் இருக்கும். ஆன்டாசிட்டில் அலுமினியமும் மெக்னீசியமும் வேறு இருக்கும், அவையும் அதே வேலையைச் செய்யும். ஐந்து அல்லது ஏழு நாள் ஆன்டிபயாட்டிக் என்றால் மணிக்கணக்குப் பார்த்து அல்லாடுவதைவிட, அந்த நாட்களுக்கு மட்டும் இரும்பையும் கால்சியத்தையும் நிறுத்தி வைக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்பது எனக்குச் சரியாகப் படுகிறது. இரும்புச்சத்தை ஒரு வாரம் தள்ளிப் போடுவதால் பலருக்குப் பெரிய இழப்பு எதுவும் இல்லை. பாதி உறிஞ்சப்பட்ட ஆன்டிபயாட்டிக்கால் இழப்பு உண்டு.

தைராய்டு மாத்திரையும் காலை டீயும்

ஆன்டிபயாட்டிக் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். தைராய்டு மாத்திரையைப் பலர் ஆயுள் முழுக்க எடுக்கிறார்கள், ஆகவே இங்கே நடக்கும் தவறு மாதக்கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். லெவோதைராக்சின் மாத்திரையின் அளவே மைக்ரோகிராமில்தான். 100 மைக்ரோகிராம் என்பது ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு. ஒரு டம்ளர் பாலின் கால்சியம் எடையில் இதைப்போல 3,000 மடங்கு. இவ்வளவு சின்ன அளவில் கொஞ்சம் சிந்தினாலும் ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். வயிறு காலியாக இருந்தாலும்கூட இந்த மருந்து முழுவதும் உள்ளே போவதில்லை. பால், காபி, சோயா, இரும்பு, கால்சியம் எல்லாம் அதை இன்னும் குறைக்கின்றன.

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஒருவர் காலை 6 மணிக்கு 75 மைக்ரோகிராம் மாத்திரையைத் தண்ணீரில் போடுகிறார். 6.10-க்குப் பால் டீ. 8.30-க்குக் காலை உணவு, அதோடு இரும்பு மாத்திரை. தைராய்டு ஹார்மோன் போதாதபோது ரத்தத்தில் ஏறும் டி.எஸ்.எச்., பரிசோதனையில் 8 வருகிறது, இருக்க வேண்டியது ஏறக்குறைய 4-க்குள். மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று மருத்துவர் கேட்க, ஒருநாள்கூட விட்டதில்லை என்கிறார். பொய் இல்லை. அளவு 100 ஆகிறது. அடுத்த பரிசோதனையில் டி.எஸ்.எச். சரியான எல்லைக்குள் வந்துவிடுகிறது, எல்லாருக்கும் திருப்தி.

அப்புறம் எங்கேயோ படித்துவிட்டு டீயை 7 மணிக்குத் தள்ளுகிறார், இரும்பை 11 மணிக்கு மாற்றுகிறார். நல்ல காரியம்தான். ஆனால் அவருக்கு எழுதப்பட்ட 100 மைக்ரோகிராம், டீ தின்றது போக மீதி போதும் என்ற கணக்கில் வந்த அளவு. இப்போது முன்பைவிட அதிகமாக உள்ளே போவதால், சில வாரங்களில் படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை, காரணமில்லாமல் எடை குறைவது என்று ஆரம்பிக்கலாம். பழக்கத்தைத் திருத்தியதால்தான் இது வந்தது என்று யாருக்கும் தோன்றாது. ஆகவே நேரத்தை மாற்றினால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள், 6 முதல் 8 வாரம் கழித்து ஒரு டி.எஸ்.எச். பாருங்கள். அதற்கு முன்னால் பார்த்துப் பயனில்லை. இந்த மருந்தின் அளவு ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஒரு வாரம்போல ஆகும், புதிய நிலைக்கு வந்து அமைய அத்தனை வாரம் தேவை.

இடைவெளி எவ்வளவு? மாத்திரைக்குப் பிறகு உணவுக்கும் டீ, காபிக்கும் அரை மணி முதல் ஒரு மணி நேரம். இரும்பு, கால்சியம், ஆன்டாசிட்டுக்கு 4 மணி நேரம். காலையில் டீ இல்லாமல் ஒரு மணி நேரம் ஓட்டவே முடியாது என்பவர்கள், இரவில் கடைசியாகச் சாப்பிட்டு 3 மணி நேரம் கழித்துப் படுக்கும்போது போடலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். பலருக்கு அது ஒத்துவருகிறது, இரவில் கால்சியம் மாத்திரை போடும் வழக்கம் இருந்தால் மட்டும் அதை வேறு நேரத்துக்கு மாற்ற வேண்டும். ஒருநாள் ஒழுங்கு, ஒருநாள் டீயோடு என்று மாறி மாறி எடுப்பதுதான் மோசம். பரிசோதனை எண் ஏறி இறங்கும், மருத்துவர் அதைத் துரத்திக்கொண்டு அளவைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருப்பார்.

இடைவெளி விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையையும் எல்லா எச்சரிக்கைக்கும் நீட்டக்கூடாது. சில கொழுப்பு மாத்திரைகளிலும் ரத்த அழுத்த மாத்திரைகளிலும் 'கிரேப்ஃப்ரூட் வேண்டாம்' என்று இருக்கும். இது திராட்சை இல்லை, ஆரஞ்சு, எலுமிச்சை இனத்தைச் சேர்ந்த பழம். இங்கே கதை தலைகீழ். குடல் சுவரில் மருந்தைச் சிதைக்கும் என்சைமை அந்தப் பழம் முடக்கிவிடுகிறது, அதனால் மருந்து அளவுக்கு மேல் ரத்தத்தில் ஏறும். குடல் அந்த என்சைமைப் புதிதாக உண்டாக்கும் வரை, அதாவது ஒருநாளைத் தாண்டியும், விளைவு நீடிக்கும். காலையில் பழம், இரவில் மாத்திரை என்று பிரித்தாலும் தப்ப முடியாது.

சரி, இவ்வளவும் தெரிந்தும் ஒருநாள் மறதியில் மாத்திரை போட்ட கையோடு டீயைக் குடித்துவிட்டால்? இன்னொரு மாத்திரையைப் போட்டு ஈடு கட்டாதீர்கள். எவ்வளவு உள்ளே போனது, எவ்வளவு வீணானது என்று யாராலும் சொல்ல முடியாது, இரண்டும் சேர்ந்தால் அளவு மிஞ்சலாம். தைராய்டு மாத்திரையில் ஒருநாள் பிசகினால் ஒன்றும் ஆகிவிடாது, மறுநாள் வழக்கமான நேரத்தில் போட்டால் போதும். ஆன்டிபயாட்டிக் என்றால் அடுத்த வேளையைச் சரியான நேரத்தில் எடுங்கள். பல வேளை இப்படி ஆகியிருந்தால் மருந்து எழுதியவரிடம் அதை மறைக்காமல் சொல்லுங்கள். காய்ச்சல் இறங்கவில்லை என்று அவர் மருந்தை மாற்றப் பார்க்கும்போது அந்தத் தகவல் அவருக்குத் தேவைப்படும்.