விடியற்காலை அறிக்கை தாமதமானதா? வாடிக்கையாளருக்கு எழுதும் முறை

மண்டபத்தில் நீலக்கால் நண்டு வாங்கும் ஒரு வியாபாரிக்குத் தினமும் விடியற்காலை 5 மணிக்கு எங்கள் அறிக்கை போய்விடும். முந்தின நாள் எந்தக் கரையில் எத்தனை கிலோ எடை போட்டார்கள் என்ற கணக்கு அது. அதைப் பார்த்துத்தான் ஐஸ் பெட்டியோடு எந்த வண்டி எங்கே போக வேண்டும் என்று அவர் சொல்வார். ஒரு நாள் அது 7:40க்குத்தான் போனது. அன்று அவருக்கு எழுதியதை வைத்தே படிப்படியாகச் சொல்கிறேன்.

1. காரணத்தைக் கண்டுபிடியுங்கள்

முதல் நாள் இரவு 9:30க்குச் சோதனைக்காக அறிக்கையை ஓட்டிக்கொண்டிருந்தோம். பாதியில் கரண்ட் போய், யுபிஎஸ்ஸும் தீர்ந்து, சர்வர் அணைந்துவிட்டது. "கரண்ட் போச்சு, அதனால் தாமதம்" என்று எழுதக் கை துறுதுறுக்கும். ஆனால் 10 மணிக்கே கரண்ட் வந்துவிட்டது. அப்படியானால் 5 மணிக்கு ஏன் ஓடவில்லை?

பதில் சர்வரின் பதிவுக் கோப்பில் இருந்தது. ஒரே நேரத்தில் இரண்டு முறை ஓடாமலிருக்க, எங்கள் நிரல் தொடங்கும்போது ஒரு பூட்டுக் கோப்பை உருவாக்கும், முடிந்ததும் அழிக்கும். பாதியில் அணைந்ததால் அந்தக் கோப்பு அப்படியே கிடந்தது. அதைப் பார்த்த 5 மணி ஓட்டம், "ஏற்கெனவே ஓடுகிறது" என்று நினைத்துச் சத்தமில்லாமல் நின்றுவிட்டது. கரண்ட் போனது வெறும் தூண்டுதல். கோளாறு எங்கள் நிரலில்தான்.

2. சரி செய்துவிட்டு எழுதுங்கள்

பூட்டும் வேலையை `flock` கட்டளைக்கு மாற்றினோம்:

```
0 5 * * * flock -n /opt/report/run.lock /opt/report/run.sh
```

இந்தப் பூட்டு ஓடும் நிரலோடு சேர்ந்தது. நிரல் செத்தால் பூட்டும் தானாக விடுபடும். கோப்பு மிச்சமிருந்தாலும் தடையாகாது. கூடவே, 5:10க்குள் அறிக்கை போகாவிட்டால் எங்கள் போனுக்கு அழைப்பு வரும்படி வைத்தோம். அந்தக் கண்காணிப்பை வேறொரு இடத்துக் கணினியில் வையுங்கள். அதே சர்வரில் வைத்தால் அது அணையும்போது கண்காணிப்பும் அணைந்துவிடும்.

3. செய்தி

அவர் கரையில் நின்று போனில் படிப்பார். அவருக்கு முதலில் தேவை, கணக்கு சரியா என்பதுதான்.

> வணக்கம் அண்ணே. இன்று 5 மணிக்கு வர வேண்டிய அறிக்கை 7:40க்கு வந்தது, மன்னிக்கவும். கணக்கு முழுமையானது, எடையில் மாற்றமில்லை. நேற்று இரவு சர்வர் பாதியில் அணைந்தபோது எங்கள் நிரல் போட்ட பூட்டு விடுபடவில்லை. அதனால் காலையில் ஓடவில்லை. தவறு எங்களுடையது. இனி நிரல் பாதியில் நின்றாலும் பூட்டு தானாக விடுபடும், சோதித்துப் பார்த்துவிட்டோம். 5:10க்குள் அறிக்கை போகாவிட்டால் எங்களுக்கு அழைப்பு வரும், உடனே உங்களுக்குப் போன் செய்வோம். 5 மணிக்கே கரண்ட் இல்லாவிட்டால் மட்டும் தாமதமாகலாம்.

கடைசி வரியை எடுத்துவிடாதீர்கள். "இனி தாமதமே ஆகாது" என்று எழுதிவிட்டு, அடுத்த மழைக்கே மீண்டும் நின்றால் அவர் வண்டி மறுபடியும் காத்துக் கிடக்கும். இந்த வரி இருந்தால், அறிக்கை வராத காலையில் அவரே கரைக்குப் போன் போட்டுக் கேட்டு வண்டியை அனுப்பிவிடுவார்.