பார்த்த வீடியோ ஏன் கையில் இல்லை?

உப்புவெளியிலிருந்து ஒரு மாணவி மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்திருந்தாள். உயர்தர இரசாயனவியல் வகுப்பு, நாற்பத்தைந்து நிமிட வீடியோ. முதல் நாள் இரவு வீட்டு வைஃபையில் கடைசிவரை பார்த்திருக்கிறாள். மறுநாள் கொழும்பு பஸ்ஸில் திரும்பப் பார்க்கலாம் என்று அந்தப் பக்கத்தை மூடாமலே கணினியைத் தூங்கவைத்துவிட்டு ஏறியிருக்கிறாள். கந்தளாய் தாண்டிக் காடு தொடங்கியதும் திறந்தால் சுற்றும் வட்டம் மட்டும்தான். "அண்ணா, முழுவதும் பார்த்தேனே, பிறகு எப்படி இல்லாமல் போனது?" என்றாள்.

வாரத்துக்கு ஒருவராவது கேட்கும் கேள்வி இது. வீடியோவுக்குக் கீழே ஓடும் கோட்டில் சாம்பல் நிறம் முன்னே நகர்ந்தால் அந்த அளவு வீடியோ கணினிக்கு வந்துவிட்டது என்று எண்ணுகிறோம். வந்தது உண்மை. ஆனால் வந்தது தற்காலிக நினைவகத்துக்கு. பிளேயர் இன்னும் சற்று நேரத்துக்குத் தேவையானதை மட்டும் முன்கூட்டியே இழுத்து வைக்கிறது, ஓடி முடிந்த பகுதியை இடம் போதாதபோது கழித்துவிடுகிறது. பக்கத்தை மூடினால் மிச்சமும் போய்விடும். தரவிறக்கம் என்றால் அதே தரவு ஒரு பெயருடன், ஒரு கோப்பாக, உங்கள் கணினியின் சேமிப்பில் உட்கார வேண்டும். இரண்டிலும் இணையத்தில் பயணிப்பது ஒரே வகைத் தரவுதான். வந்த பிறகு அது எங்கே போகிறது என்பதில்தான் வேறுபாடு.

பழைய ஆட்கள் ஒன்று சொல்வார்கள்: அந்தக் காலத்தில் வீடியோவை நிறுத்திவைத்துவிட்டுத் தேநீர் குடித்து வந்தால் கோடு முழுக்க நிரம்பியிருக்கும், இணையம் துண்டிக்கப்பட்டாலும் ஓடும் என்று. சரிதான். அப்போது ஒரு வீடியோ என்பது பெரும்பாலும் ஒரே கோப்பு, பிளேயர் அதைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை இழுத்துக்கொண்டே போகும். இன்றைய பிளேயர்கள் அப்படிச் செய்வதில்லை. ஆனால் பழக்கம் மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது.

மாணவி விடவில்லை. அடுத்த முறை வீட்டிலிருந்தபோது சேமித்துவிடவே முயன்றிருக்கிறாள். பக்கத்தையே சேமித்தபோது ஒரு இணையப் பக்கமும் சில படங்களும் கிடைத்தன, வீடியோ இல்லை. வீடியோமேல் சுட்டியை வைத்து வலப்பொத்தானை அழுத்தினால் Save video as... என்ற வரி மங்கிக் கிடந்தது. பக்கத்து வீட்டுத் தம்பி உலாவியின் நிரலாளர் பகுதியைத் திறந்து, வீடியோ வரும் முகவரி இதுதான் என்று ஒரு கோப்பை எடுத்துக் கொடுத்திருக்கிறான். பெயர் m3u8 என்று முடிந்தது. அளவோ சில கிலோபைட். இத்தனை சின்னக் கோப்பில் வகுப்பு முழுவதும் அடங்குமா என்று யாரும் யோசிக்கவில்லை.

அதை நோட்பேடில் திறந்து காட்டினேன். தொடக்கம் இப்படி இருந்தது:

```
#EXTM3U
#EXT-X-VERSION:3
#EXT-X-TARGETDURATION:6
#EXTINF:6.0,
seg-001.ts
#EXTINF:6.0,
seg-002.ts
```

இது வீடியோ அல்ல, வீடியோத் துண்டுகளின் பட்டியல். ஒவ்வொரு துண்டும் ஆறு விநாடி. நாற்பத்தைந்து நிமிடத்துக்கு 450 துண்டுகள். விநாடிக்கு 1.5 மெகாபிட் என்ற தரத்தில் ஒரு துண்டு ஏறத்தாழ 1.1 மெகாபைட் வரும், மொத்தம் 500 மெகாபைட்டைத் தாண்டும். அவள் கையில் இருந்தது சமையல் சாமான் வாங்கும் துண்டுச்சீட்டு. சாமான்கள் கடையிலேயே இருக்கின்றன.

இவ்வளவு சிரமப்பட்டு ஏன் நறுக்குகிறார்கள்? ஒரே துண்டை நான்கைந்து தரத்தில் தயாராக வைத்திருப்பார்கள். சிக்னல் நன்றாக இருந்தால் பிளேயர் அடுத்த துண்டை உயர்ந்த தரத்தில் கேட்கும், மூதூர்ப் படகில் போகும்போது வேகம் குறைந்தால் அதற்கடுத்ததைக் குறைந்த தரத்தில் கேட்கும். படம் சற்று மங்கினாலும் நிற்காது. இதில் இன்னொரு கணக்கும் உண்டு: நீங்கள் பத்து நிமிடத்தில் மூடிவிட்டால் மீதி முப்பத்தைந்து நிமிடத் தரவை யாரும் வீணாக அனுப்பியிருக்க மாட்டார்கள். ஆனால் அதே வகுப்பை மூன்று தடவை பார்த்தால் பெரும்பாலும் மூன்று தடவையும் டேட்டா செலவாகும்.

சேமிக்கும் வரி மங்கிக் கிடந்ததற்கான காரணமும் இங்கேயே இருக்கிறது. உலாவியிடம் 'இதைச் சேமி' என்று சொல்ல ஒரு கோப்பும் அதற்கொரு முகவரியும் வேண்டும். துண்டுகளை வாங்கி வரிசையாகத் திரையில் ஊட்டுவது பக்கத்தில் உள்ள நிரல். வீடியோவின் முகவரி என்று பார்த்தால் blob: என்று தொடங்கும் ஒன்று தெரியும். அது அந்த உலாவித் தாவலுக்குள் மட்டும் பொருள் உள்ள பெயர், நகலெடுத்து வேறு தாவலில் ஒட்டினால் ஒன்றும் வராது. ஆகவே பொத்தானை யாரோ மறைத்துவிட்டார்கள் என்று கோபப்படுவது பல நேரங்களில் தவறு. சேமிப்பதற்கு ஒரே கோப்பு அங்கே இல்லை. நேரலையில் இது இன்னும் தெளிவு: கோணேசர் கோயில் திருவிழா ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் வீடியோ இன்னும் முடிந்திருக்கவே இல்லை.

வேண்டுமென்றே மறைப்பவர்களும் உண்டு, ஒரே கோப்பாக இருந்தும் பொத்தானை எடுத்துவிடுவார்கள். மூன்றாவது வகை, கட்டணப் படச் சேவைகள். அங்கே துண்டுகளே பூட்டப்பட்டு வருகின்றன, திறக்கும் சாவி அனுமதி பெற்ற பிளேயரிடம் மட்டும்தான். திரையைப் பதிவு செய்தாலும் பெரும்பாலும் கறுப்புத் திரைதான் பதிவாகும். அதில் மணிக்கணக்கில் மல்லுக்கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இந்த இடத்தில் பலரும் செய்யும் பெரிய தவறு, முகவரியை ஒட்டினால் வீடியோ தருகிறோம் என்னும் தளங்களுக்குப் போவது. அங்கே பெரிதாக மின்னும் பச்சைப் பொத்தான் பெரும்பாலும் விளம்பரம். கேட்டது வீடியோவாக இருக்க, வந்த கோப்பின் பெயர் .apk அல்லது .exe என்று முடிந்தால் திறக்காமல் அழித்துவிடுங்கள். அதைத் திறந்துவிட்டுக் கடைக்கு வருகிறவர்களின் வேலைதான் எனக்கு அதிக நேரம் எடுக்கிறது.

மாணவியின் ஆசிரியரது செயலியில் தரவிறக்கும் அம்பு ஒன்று இருந்தது. கைபேசியில் அவள் அதைப் பார்த்திருக்கிறாள், ஆனால் அழுத்திய பிறகு கேலரியில் வீடியோ வரவில்லை என்பதால் வேலை செய்யவில்லை என்று விட்டுவிட்டாள். செயலிக்குள் இறக்கியது கேலரிக்கு வராது. அது பூட்டிய வடிவில் செயலியின் சொந்த இடத்தில் இருக்கும், அந்தச் செயலி மட்டும் திறக்கும். நண்பிக்கு அனுப்ப முடியாது. கைபேசியில் இடம் போதவில்லை என்று செயலியின் சேமிப்பைத் துடைத்தால் வகுப்பும் சேர்ந்து போய்விடும். சில சேவைகளில் குறிப்பிட்ட நாட்களுக்குள் ஒருமுறை இணையத்தில் இணையாவிட்டால் அது ஓடாது.

கடை வைஃபையிலேயே இறக்கச் சொன்னேன். முடிந்ததும் கைபேசியை ஏரோபிளேன் நிலைக்கு மாற்றி, செயலியை முழுவதும் மூடித் திறந்து, வீடியோவை முப்பதாவது நிமிடத்துக்கு இழுக்கச் சொன்னேன். தொடக்கம் மட்டும் ஓடினால் நம்பக் கூடாது, நடுவிலிருந்தும் ஓட வேண்டும். ஓடியது. ஆசிரியர் சமன்பாட்டைச் சமப்படுத்திக்கொண்டிருந்தார். "இதை முதலிலேயே பார்த்திருந்தால் பஸ்ஸில் ஆறு மணி நேரம் ஜன்னலைப் பார்த்திருக்க வேண்டாம்" என்றாள்.