நான்கு வல்லுநர்கள், ஒரே மேடை: அறிமுகத்தில் நேரும் தவறுகள்

கடலூரில் ஒரு மாலைக் கலந்துரையாடல் என்று வைத்துக்கொள்வோம். பேச்சு புயல் முன்னெச்சரிக்கை பற்றி. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்த பிறகு இந்த ஊரில் எந்த மேடைக்கும் பொருந்துகிற தலைப்பு இது. மேடையில் நான்கு பேர்: ஓய்வுபெற்ற வானிலை ஆய்வாளர், தேவனாம்பட்டினத்து மீனவர் பிரதிநிதி, பண்ருட்டிப் பக்கத்து முந்திரி விவசாயி, அரசு மருத்துவர். இவர்களோடு ஒரு நெறியாளர். நால்வரையும் அறிமுகம் செய்து நிகழ்ச்சியை நெறியாளர் கையில் கொடுப்பது உங்கள் வேலை. மொத்தம் 60 நிமிடம்.

முதல் தவறு, விழாவுக்கு முந்தின நாளே நடந்துவிடுகிறது. நால்வரிடமும் தன்விவரக் குறிப்பு கேட்கிறோம். ஆய்வாளர் இரண்டு பக்கம் அனுப்புகிறார், மருத்துவர் ஒரு பக்கம். விவசாயி வாட்ஸ்அப்பில் நான்கு வரி போடுகிறார். மீனவர், 'பேரு மட்டும் சொன்னா போதும் சார்' என்கிறார். வந்ததை அப்படியே மேடையில் வாசித்தால் ஆய்வாளருக்கு மூன்று நிமிடம் போகும், மீனவருக்குப் பத்து நொடி. இவர்களில் யார் பேச்சைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்று அரங்கு அந்த இடத்திலேயே முடிவு கட்டிவிடும். பிறகு நெறியாளர் எவ்வளவு சமமாக நேரம் பிரித்தாலும், கேள்வி நேரத்தில் எழுந்து நிற்கிற பத்து பேரில் பெரும்பாலோர் ஆய்வாளரையே கேட்பார்கள்.

அதனால் நால்வருக்கும் ஒரே அச்சு போடுங்கள். பெயர், ஊர் அல்லது பணி, இன்றைய தலைப்போடு நேராகத் தொடர்புள்ள ஒரே ஒரு விஷயம், அவரிடம் இன்று என்ன கேட்கலாம் என்று ஒரு வரி. ஒவ்வொன்றும் சுமார் 30 சொல். மேடையில் நிதானமாகப் படித்தால் கால் நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடும். நால்வருக்கும் சேர்த்து ஒன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கைபேசியில் நேரம் வைத்து வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். மனசுக்குள் படித்தால் எப்போதும் குறைவாகத்தான் காட்டும்.

குறைவாகக் குறிப்பு கொடுத்தவரிடம்தான் அதிகம் உழைக்க வேண்டும். அவருக்கு ஒரு போன் போட்டு, "புயல் வருதுன்னா உங்க ஊர்ல முதல்ல நீங்க என்ன பண்ணுவீங்க?" என்று கேளுங்கள். அந்தப் பதிலிலிருந்து இப்படி ஓர் அறிமுகம் எழுதலாம்:

"தேவனாம்பட்டினத்தைச் சேர்ந்தவர். சிறு வயதிலிருந்து கடலுக்குப் போகிறவர். துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியதும் ஊரில் படகுகளை மேடேற்றும் வேலையை ஒருங்கிணைப்பவர். புயல் செய்தி கரைக்கு எப்போது வந்து சேர்கிறது, எப்போது சேராமல் போகிறது என்பதை இவரிடம் கேட்கலாம்."

இப்போது ஆய்வாளரின் இரண்டு பக்கத்தையும் இதே அளவுக்கு வெட்டுங்கள். பட்டங்கள், விருதுகள், வெளிநாட்டுப் பயணங்கள் எல்லாம் போகட்டும். வங்கக் கடல் புயல்களின் பாதையைக் கணித்த பணி மட்டும் நிற்கட்டும். வெட்டிய குறிப்பை முந்தின நாளே அவருக்கு அனுப்பி, நால்வருக்கும் இதே அளவுதான் என்று சொல்லிவிடுங்கள். விஷயம் தெரிந்தால் பெரும்பாலும் யாரும் வருத்தப்படுவதில்லை. சொல்லாமல் மேடையில் வெட்டினால்தான் முகம் சுருங்கும்.

அளவு சமமாக இருந்தும் தட்டு சாய்கிற இடம் ஒன்று உண்டு, அது மரியாதைச் சொல். ஒருவரை 'முனைவர்' என்றும், இன்னொருவரை 'நம்ம அண்ணன்' என்றும், பெண் மருத்துவரை வெறும் பெயரிலும் அழைப்பது நம் மேடைகளில் அடிக்கடி நடக்கிறது. பட்டம் இருப்பவருக்குப் பட்டம், இல்லாதவருக்குத் திரு அல்லது திருமதி, நால்வர் பெயருக்குப் பின்னும் 'அவர்கள்'. 'அறிமுகம் தேவையில்லாதவர்', 'இவரைப் பற்றிச் சொல்ல ஒரு நாள் போதாது' என்ற வரிகளையும் விட்டுவிடுங்கள். ஒருவருக்குச் சொன்னால் மற்ற மூவரும் தேவைப்படுகிறவர்கள் ஆகிவிடுவார்கள். தலைப்பெழுத்தையும் பெயரையும் எப்படி உச்சரிக்க வேண்டும் என்று அவரவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

வரிசைக்குப் பதவியைப் பார்க்காதீர்கள். பார்வையாளர் கண்ணுக்கு இடமிருந்து வலமாக யார் உட்கார்ந்திருக்கிறார்களோ அந்த வரிசையில் சொன்னால், யார் பெயர் யாருடையது என்று கூட்டத்துக்கும் சுலபமாகப் பிடிபடும்.

அப்புறம் பொன்னாடை. ஒருவரை அறிமுகம் செய்து, பொன்னாடை போர்த்துபவரை அழைத்து, போட்டோ எடுத்து, கைதட்டி, அடுத்தவருக்குப் போவது வழக்கம். ஒருவருக்கு ஒன்றரை நிமிடம் என்றாலும் ஆறு நிமிடம் போச்சு. அதைவிட மோசம், நான்காவது ஆளுக்கு வரும்போது நேரமாகிவிட்டது என்று அவர் அறிமுகத்தை விழுங்கிவிடுவோம். மரியாதை செய்வதை நிகழ்ச்சி முடிவில் நால்வருக்கும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். கைதட்டலையும் 'நால்வருக்கும் சேர்த்துத் தட்டுவோம்' என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். தனித்தனியாகத் தட்டினால் யாருக்குச் சத்தம் குறைந்தது என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

அறிமுகம் செய்பவர் தலைப்பைப் பற்றியே பேச ஆரம்பிப்பது அடுத்த தவறு. தானே புயலில் சாய்ந்த முந்திரித் தோப்புகள், 2024 நவம்பர் இறுதியில் புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் என்று நீங்களே விவரித்துவிட்டால், விவசாயி எதைச் சொல்லித் தொடங்குவார்? நெறியாளரின் முதல் கேள்வியும் பறிபோகும். தலைப்புக்கு இரண்டு வரி போதும்.

ஆனால் ஒன்றை நீங்கள்தான் சொல்ல வேண்டும்: நேரக் கணக்கு. 60 நிமிடத்தில் அறிமுகத்துக்கு 3, முதல் சுற்றில் தலா 6 வீதம் 24, நால்வரும் கலந்து பேச 15, பார்வையாளர் கேள்விக்கு 15, முடிவுக்கு 3. முதல் சுற்றின் விதியை அரங்கின் முன் நீங்கள் அறிவித்துவிட்டால், பிறகு யாரையும் நிறுத்துவது நெறியாளருக்குச் சங்கடமாக இருக்காது. மூத்தவர் ஒருவரை நெறியாளர் தானாகக் குறுக்கிட்டு நிறுத்துவது நம் ஊரில் கஷ்டம். எல்லாருக்கும் சொல்லிவைத்த விதிப்படி, நேரம் முடியப்போகிறது என்று காட்டும் மஞ்சள் அட்டையைத் தூக்குவது கஷ்டமில்லை.

கைமாற்றும் இடத்தில்தான் நிகழ்ச்சி தொய்கிறது. 'இப்போது நெறியாளரை மேடைக்கு அழைக்கிறேன்' என்கிறோம். அவர் மூன்றாம் வரிசையிலிருந்து எழுந்து, படியேறி, மைக்கைத் தட்டிப் பார்த்து, வந்திருப்பவர்களுக்கெல்லாம் வணக்கம் சொல்லி, நால்வரையும் மறுபடி அறிமுகம் செய்கிறார். நீங்கள் செய்த வேலை வீண். இதைத் தவிர்க்க நெறியாளர் தொடக்கத்திலேயே மேடையில் உட்கார்ந்திருக்கட்டும். அவர் கையில் தனி மைக் இருக்கட்டும், அது ஏற்கெனவே உயிரோடு இருக்கட்டும். நால்வர் குறிப்பும் அவரிடம் ஒரு பிரதி இருக்கட்டும். உங்கள் கடைசி வாக்கியம் என்ன, அவருடைய முதல் வாக்கியம் என்ன என்று இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்:

"முதல் சுற்றில் ஒவ்வொருவருக்கும் 6 நிமிடம். ஐந்தாவது நிமிடத்தில் மஞ்சள் அட்டை வரும். இந்த உரையாடலை நடத்தித் தருபவர்..." என்று சொல்லி, நெறியாளர் பெயரையே கடைசிச் சொல்லாக வைத்து நிறுத்துங்கள். பெயருக்குப் பின் எதையும் ஒட்டாதீர்கள். ஒட்டினால் அவர் எப்போது தொடங்குவது என்று தயங்குவார். பெயர் விழுந்ததும் அவர் நேராக, "ஐயா, புயல் வரப்போகிறது என்று உங்களுக்கு முதலில் எப்படித் தெரியும்?" என்று மீனவரிடம் தொடங்கலாம்.

நால்வரில் ஒருவர் புதுச்சேரியிலிருந்து வரும் வழியில் நெரிசலில் மாட்டிக்கொண்டால் அவருக்காகத் தொடக்கத்தை இழுக்க வேண்டாம். அவர் பெயரையும் பணியையும் மட்டும் சொல்லி, வந்துகொண்டிருக்கிறார் என்று விட்டுவிடுங்கள். மற்றவர்களுக்குச் சொன்ன அதே 30 சொல் குறிப்பு நெறியாளர் கையில் இருக்கிறது. அவர் வந்து அமர்ந்ததும், பேசிக்கொண்டிருப்பவர் முடித்தவுடன், நெறியாளர் அதைப் படித்து அவருடைய 6 நிமிடத்தைத் தொடங்கி வைப்பார்.