வேலை கிடைத்த பிறகும் விண்ணப்பம் எழுதலாமா? முதல் கிழமை அறிமுக மடலில் வரும் தவறுகள்

போன வருடம் எங்கள் குழுவில் ஒரு பிள்ளை புதிதாகச் சேர்ந்தார். தர்ஷினி என்று வைத்துக்கொள்வோம், உண்மைப் பெயர் அதுவல்ல. கணக்குப் பகுதியில் வேலை. குழுவில் 14 பேர்: 5 பேர் யாழ்ப்பாணத்தில், 6 பேர் கொழும்பில், 3 பேர் லண்டனில். இரண்டாம் நாள் காலமை என் மேசைக்கு வந்து, "அண்ணா, ஒருக்கா பார்த்துச் சொல்லுங்கோ. இப்பிடி அனுப்பலாமோ?" என்று தன் அறிமுக மடலைக் காட்டினார்.

எங்கள் குழுவில் சிங்களவர்களும் லண்டன்காரரும் இருப்பதால் பொது மடல்கள் ஆங்கிலத்தில்தான் போகும். அவருடையதும் ஆங்கிலத்தில்தான் இருந்தது. தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி:

> பொருள்: அறிமுகம்
>
> மதிப்பிற்குரிய ஐயா / அம்மணி,
>
> எனது பெயர் சிவபாலன் தர்ஷினி. உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவில் சிறப்பாகச் சித்தியடைந்து, பின்னர் வணிகமாணிப் பட்டம் பெற்றேன். கணினிப் பயிற்சியும் முடித்துள்ளேன். தங்கள் பெருமைமிக்க நிறுவனத்தில் பணியாற்ற வாய்ப்புக் கிடைத்தமைக்கு மிகுந்த மகிழ்ச்சியடைகிறேன். நேர்மையும் கடின உழைப்பும் எனது பலம். எந்த நேரத்திலும் எந்த உதவிக்கும் தயாராக உள்ளேன். பிழைகள் ஏதும் இருப்பின் பொறுத்து வழிநடத்துமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.
>
> தங்கள் உண்மையுள்ள,
> சி. தர்ஷினி

இதில் பொய் ஒன்றுமில்லை, மரியாதைக்கும் குறைவில்லை. ஆனால் வாசித்து முடித்த ஒருவருக்கு மூன்று விஷயங்கள் தெரியாது: இவரை எப்படிக் கூப்பிடுவது, எந்த வேலைக்கு இவரிடம் போவது, இந்த மடலுக்கு நான் ஏதாவது செய்ய வேண்டுமா. அறிமுக மடலைத் திறக்கிறவர் தேடுவது இந்த மூன்றைத்தான்.

ஏன் இப்படி வருகிறது என்று யோசித்தால், பள்ளிக்கூடத்தில் நாங்கள் பழகியது விண்ணப்பக் கடிதம். அதில் தகுதியைச் சொல்ல வேண்டும், பணிவைக் காட்ட வேண்டும், கேட்டுக்கொள்ள வேண்டும். முதல் கிழமையில் கைக்கு முதலில் வருவதும் அந்த வடிவம்தான். வேலையோ ஏற்கெனவே கிடைத்துவிட்டது! உங்கள் தகுதியை நேர்முகத்தேர்வில் பார்த்துத்தான் எடுத்திருக்கிறார்கள். பெறுபேற்றை மறுபடி சொன்னால் வாசிக்கிறவர் ஒன்று தாண்டிப்போவார், இல்லையென்றால் "இவர் யாருக்கு நிரூபிக்கிறார்?" என்று நினைப்பார். என்னுடைய முதல் வேலையில் நான் இதைவிட நீளமாக எழுதி, படமும் சேர்த்து அனுப்பியவன். ஒரேயொரு பதில் வந்தது, அதுவும் படம் மிகப் பெரிது என்று.

சரி, தர்ஷினியின் மடலில் நாங்கள் அதிக நேரம் செலவழித்தது அவருடைய பெயரில். இது எங்கள் ஆட்களுக்கென்றே உள்ள சிக்கல். அடையாள அட்டையில் அப்பாவின் பெயர் முன்னுக்கும் தன் பெயர் பின்னுக்கும் இருக்கும். அலுவலகக் கணினி அமைப்போ முதற்பெயர், கடைசிப்பெயர் என்று இரண்டு கட்டங்கள் கேட்கும். மனிதவளப் பகுதியில் இருப்பவர் அட்டையில் உள்ள வரிசையிலேயே போட்டுவிடுவார். விளைவு, மின்னஞ்சல் அப்பாவின் பெயரில் திறக்கப்படும். லண்டனில் இருப்பவருக்கு இவர் "சிவபாலன்". அவர் ஒரு ஆண் என்று நினைத்து "மிஸ்டர் சிவபாலன்" என்று எழுதுவார். பிள்ளை திருத்தக் கூச்சப்பட்டுப் பேசாமல் இருந்தால், ஆறு மாதம் கழித்தும் கூட்டங்களில் அப்பாவின் பெயரைத்தான் கூப்பிடுவார்கள். இப்படி நடந்ததை நான் கண்டிருக்கிறேன்.

ஆகவே மடலை அனுப்புவதற்கு முன், உங்களுக்கே ஒரு மடல் அனுப்பிப் பாருங்கள். அனுப்புநர் இடத்தில் என்ன பெயர் வருகிறது? பிழையென்றால் கணினிப் பகுதியிடம் காட்டும் பெயரை மாற்றச் சொல்லுங்கள். முகவரியை மாற்றுவது சிக்கலாக இருக்கலாம், காட்டும் பெயரை மாற்றுவது பெரும்பாலும் சின்ன வேலை. அது முடியும்வரை காத்திருக்க முடியாவிட்டால் மடலிலேயே சொல்லிவிடலாம்: "என்னைத் தர்ஷினி என்று கூப்பிடுங்கள், சிவபாலன் என் அப்பாவின் பெயர்." விளக்கம் இவ்வளவு போதும். நீளமான பெயர் என்றால் வீட்டில் கூப்பிடும் சுருக்கத்தை வேலைக்கும் கொண்டுவருவதா என்பதை இங்கேயே முடிவு செய்யுங்கள். ஒரு தரம் "தர்ஷி" என்று போட்டால் பிறகு அதுதான் பெயர்.

"ஐயா / அம்மணி" என்பதையும் எடுத்துவிட்டோம். யார் வாசிப்பார்கள் என்று தெரியாதபோது போடும் விளி அது. 14 பேரும் யாரென்று தெரியும்போது, "அனைவருக்கும் வணக்கம்" போதும். இதன் மறுபக்கத் தவறும் உண்டு: நேரில் "அண்ணா", "அக்கா" என்று கதைக்கிற பழக்கத்தில் அதை மடலிலும் போட்டுவிடுவது. யாழ்ப்பாணத்து 5 பேருக்கு அது இயல்பு, மற்ற 9 பேருக்கு அது விளங்காது. நேரில் தாராளமாகக் கூப்பிடுங்கள்.

அப்புறம் "எந்த நேரத்திலும் எந்த உதவிக்கும்". கேட்க இனிமையாக இருக்கிறது, ஆனால் யாருக்கும் பயன்படாது. உங்களிடம் எதைக் கேட்கலாம் என்பது அதில் இல்லை. நேரடியாக எடுத்துக்கொண்டு இரவு 10 மணிக்குக் கேட்கவும் ஆட்கள் உண்டு. நான் தர்ஷினியிடம், "இந்தக் கிழமை உங்கள் கையில் என்ன வேலை தந்திருக்கிறார்கள்?" என்று கேட்டேன். கொழும்பு வழங்குநர்களின் இன்வாய்ஸ்களை வரும் திங்கள் முதல் தான் பார்க்கப்போவதாகச் சொன்னார். மடலில் இருக்க வேண்டிய வரி அதுதான், அது மட்டும் அதில் இல்லை. ஒன்றில் கவனம் தேவை: உங்களுக்கு முன் அந்த வேலையைச் செய்தவர் பெரும்பாலும் அதே பட்டியலில் இருப்பார். "இனி ஒழுங்குபடுத்துவேன்" என்று எழுதினால், இதுவரை ஒழுங்கில்லை என்றுதான் அவர் வாசிப்பார்.

தனிப்பட்ட விஷயம் ஒன்று சேர்க்கலாமா? சேர்க்கலாம், ஒரு வரி. மடலின் சிநேகம் எல்லாம் அந்த வரியில்தான் வரப்போகிறது, ஆகவே யோசித்துப் போட வேண்டும். "வாசிப்பதும் பாட்டுக் கேட்பதும் பிடிக்கும்" என்று போட்டால் அதற்கு யாரும் பதில் எழுத முடியாது. யாராவது ஒருவர் பிடித்துக் கதையைத் தொடரக்கூடியதாக இருக்க வேண்டும். கலியாணம், குடும்பம் பற்றியெல்லாம் எழுதத் தேவையில்லை. ஊரைப் பற்றி என் அபிப்பிராயம், சொல்ல விருப்பமென்றால் மட்டும் சொல்லுங்கள். எங்கள் பக்கத்தில் "எந்த இடம் பிள்ளை?" என்ற கேள்வி எப்போதும் வெறும் இடத்தோடு நிற்பதில்லை. அந்தக் கேள்விக்கு மடலிலேயே முன்கூட்டிப் பதில் கொடுக்கும் கடமை உங்களுக்கில்லை.

எப்போது அனுப்புவது என்பதிலும் பிழை விடுவோம். முதல் நாள் காலமையே அனுப்பினால் உங்கள் வேலை என்னவென்று உங்களுக்கே தெரியாது. இரண்டாம் அல்லது மூன்றாம் நாள் சரி. அதற்கு முன் முகாமையாளரிடம் ஒரு கேள்வி: "என்னைப் பற்றி ஏற்கெனவே அறிவித்துவிட்டீர்களா?" அறிவித்திருந்தால் புதிய மடல் தேவையில்லை, அதே மடலுக்குக் கீழ் மூன்று வரி எழுதினால் போதும். நேரத்தைப் பொறுத்தவரை, எங்களுக்குக் காலை 10 மணி என்றால் லண்டனில் கோடையில் 5.30, குளிர்காலத்தில் 4.30. அவர்கள் விழிக்கும்போது உங்கள் மடல் மற்ற மடல்களுக்கு அடியில் கிடக்கும். பின்னேரம் 2.30க்கு அனுப்பினால் அங்கே 10 அல்லது 9 மணி, கொழும்பிலும் எல்லாரும் மேசையில் இருப்பார்கள். போயா நாளில் லண்டன்காரர் வேலை செய்வார்கள், கொழும்பு செய்யாது. ஆகவே அன்றைக்கு வேண்டாம்.

குழு முகவரிக்கு அனுப்புவதென்றால் அதற்குள் எத்தனை பேர் என்று பாருங்கள். "எல்லா ஊழியர்களும்" என்ற முகவரியைத் தவறுதலாகத் தெரிவுசெய்து முழு நிறுவனத்துக்கும் அனுப்பியவர்கள் உண்டு. கணினியில் நிறுவிய அவுட்லுக்கில் குழுப் பெயருக்குப் பக்கத்தில் உள்ள கூட்டல் குறியை அழுத்தினால் உள்ளே இருப்பவர்கள் விரிவார்கள். ஆனால் விரித்ததை அந்த மடலில் மறுபடி சுருக்க முடியாது. ஒரு வெற்று மடலில் விரித்துப் பார்த்துவிட்டு அதை அழித்துவிடுங்கள்.

தலைப்பு வரியில் "அறிமுகம்" என்று மட்டும் இருந்தால் யாருடைய அறிமுகம் என்று தெரியாது. கைத்தொலைபேசியில் முதல் சில சொற்கள்தான் தெரியும், ஆகவே பெயரை முன்னுக்குக் கொண்டுவந்தோம். கடைசியில் தர்ஷினி அனுப்பியது இது:

> பொருள்: தர்ஷினி – கணக்குப் பகுதியில் புதிதாக
>
> அனைவருக்கும் வணக்கம்,
>
> நான் தர்ஷினி. திங்கட்கிழமை யாழ்ப்பாண அலுவலகத்தில் கணக்குப் பகுதியில் சேர்ந்தேன். (மடலில் காட்டும் சிவபாலன் என் அப்பாவின் பெயர், என்னைத் தர்ஷினி என்றே கூப்பிடுங்கள்.)
>
> வரும் திங்கள் முதல் கொழும்பு வழங்குநர்களின் இன்வாய்ஸ்களை நான் பார்ப்பேன். அதுவரை வழக்கம்போலவே அனுப்புங்கள்.
>
> அலுவலகத்துக்குச் சைக்கிளில் வருகிறேன். மழைக்கு வெள்ளம் நிற்காத பாதை யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.
>
> இதற்குப் பதில் எழுத வேண்டுமென்றில்லை. போகப்போக ஒவ்வொருவருடனும் கதைக்கிறேன்.
>
> தர்ஷினி

"பதில் எழுத வேண்டுமென்றில்லை" என்ற வரியைப் போட அவர் முதலில் தயங்கினார், திமிராகத் தெரியுமோ என்று. நான் போடச் சொன்னேன். 14 பேர் கொண்ட குழுவில் அந்த வரி இல்லாவிட்டால் ஆளாளுக்கு "வருக" என்று எல்லாருக்கும் அனுப்புவார்கள், பிறகு அந்தப் பழி புதிதாக வந்தவர் தலையில்.

அப்படியும் பதில்கள் வந்தன. 3 பேர் பாதை சொன்னார்கள், அதில் இரண்டு ஒன்றுக்கொன்று முரண். லண்டனிலிருந்து ஒருவர், "தர்ஷினி, மாதக் கடைசி இன்வாய்ஸ்களை 25ஆம் திகதிக்கு முன் அனுப்பினால் போதுமா?" என்று கேட்டிருந்தார். தர்ஷினி "Reply all" பக்கம் கையைக் கொண்டுபோனார். நான் தடுத்தேன். பாதை சொன்னவர்களுக்குத் தனித்தனியாக ஒரு வரி நன்றி. லண்டன் கேள்விக்கு மட்டும், விடை மற்றவர்களுக்கும் தேவைப்படும் என்பதால், முகாமையாளரிடம் திகதியைக் கேட்டு உறுதிசெய்துவிட்டு எல்லாருக்கும் அனுப்பினார்.