கர்மா மீட்டர் வைத்துக் கதை எழுதும்போது சறுக்கும் இடங்கள்

கதை சொல்லும் கேம் ஒன்றை முதல்முறை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கர்மா மீட்டர் என்ற ஒரே ஒரு எண்ணில்தான் தொடங்குகிறார்கள். நல்லது செய்தால் ஏறும், கெட்டது செய்தால் இறங்கும். மற்ற பாத்திரங்கள் அந்த எண்ணைப் பார்த்துப் பேசும், கடைசியில் முடிவும் அதை வைத்தே அமையும். எழுதுவதற்குச் சுலபம்தான், ஆனால் கதை கெட்டுப்போவதும் பெரும்பாலும் இங்கிருந்துதான்.

முதல் தவறு, நடந்த சம்பவத்தை நினைவில் வைக்கும் வேலையை அந்த எண்ணிடம் கொடுப்பது. முற்றுகையில் சிக்கிய ஒரு நகரத்தில் கதை நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மருத்துவமனைக் கிடங்கிலிருந்து நாயகன் மருந்தைத் திருடுகிறான், மீட்டர் 20 புள்ளி இறங்குகிறது. அப்புறம் வழியில் பார்க்கும் பத்துப் பேருக்குக் காசு போடுகிறான். ஆளுக்கு 2 புள்ளி, மொத்தம் 20. கணக்கு நேராகிவிட்டது. இப்போது அதே மருத்துவமனை நர்ஸ் எதிரே வந்து எதுவுமே நடக்காததுபோல வணக்கம் சொல்கிறாள். இன்னும் நாலு பேருக்குக் காசு போட்டிருந்தால், ‘உங்களைப் போல நல்லவர்கள் இருப்பதால்தான் இந்த ஊர் பிழைக்கிறது’ என்றுகூடச் சொல்லியிருப்பாள். அந்த மருந்து கிடைக்காமல் அவள் வார்டில் ஒரு குழந்தை இறந்திருந்தாலும் இதே வசனம்தான் வரும்.

பெரிய கேம்களும் இதில் சறுக்கியிருக்கின்றன. 2008-இல் வந்த ஃபால்அவுட் 3-இல் ஒரு ஊரையே அணுகுண்டு வைத்து அழிக்கலாம், கர்மா தரைமட்டத்துக்குப் போய்விடும். ஆனால் தண்ணீர் கேட்டு உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சுத்தமான தண்ணீரைத் திரும்பத் திரும்பக் கொடுத்தே அதை ஏற்றிக்கொண்டு போகலாம். இரண்டு வருடம் கழித்து வந்த ஃபால்அவுட்: நியூ வேகாஸ் இதை நன்றாக மாற்றியது. கர்மா பெயருக்கு இருந்தாலும், கதையை நடத்துவது ஒவ்வொரு குழுவும் தனித்தனியாக வைத்திருக்கும் நல்ல பெயரும் கெட்ட பெயரும்தான். ஒன்று மற்றொன்றைக் கழிப்பதில்லை. உதவியும் செய்து துரோகமும் செய்தவனை அந்தக் குழு இரண்டுக்குமாகச் சேர்த்தே நினைவில் வைத்திருக்கும்.

சின்ன கேமுக்குக் குழுக் கணக்கு அளவுக்குப் போக வேண்டியதில்லை. பெரிய சம்பவம் ஒவ்வொன்றுக்கும் ஃபிளாக், அதாவது ஆம் அல்லது இல்லை என்று மட்டும் குறித்து வைக்கும் அடையாளம், வைத்தால் போதும். அது நடந்ததா என்று ஒரு ஃபிளாக், இந்தப் பாத்திரத்துக்கு அது தெரியுமா என்று இன்னொன்று. இரண்டாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். யாரும் பார்க்காத திருட்டுக்கு ஊரே முகம் சுளித்தால் விளையாடுபவருக்குக் கதை மீதே நம்பிக்கை போய்விடும். கதை கேம்கள் எழுத உதவும் ரென்பை மென்பொருளில் எழுதினால் நர்ஸ் காட்சி இப்படி இருக்கும்:

```
label meet_nurse:
    if stole_medicine and nurse_knows:
        jump nurse_angry
    elif offered > 0 and earned / offered >= 0.7:
        jump nurse_trusts
    else:
        jump nurse_neutral
```

வரிசை முக்கியம். முதலில் சம்பவத்தைப் பார்க்க வேண்டும், அதில் எதுவும் இல்லை என்றால்தான் எண்ணுக்குப் போக வேண்டும். மாற்றிப் போட்டால், மீட்டர் உயரமாக இருக்கிற திருடனுக்கு மறுபடியும் அந்த வணக்கம் கிடைத்துவிடும்.

சரி, `earned / offered` எதற்கு? `earned` என்பது விளையாடுபவர் எடுத்த நல்ல புள்ளி, `offered` என்பது அதுவரை அவருக்குக் கிடைத்திருக்கக்கூடிய புள்ளி. இரண்டாவது தவறு அங்கேதான் இருக்கிறது: எல்லைக்கோட்டை நிலையான எண்ணாக வைப்பது. கதையில் மொத்தம் 100 நல்ல புள்ளி இருக்கிறது, நல்ல முடிவுக்கு 70 வேண்டும் என்று வைத்திருக்கிறீர்கள். அந்த நூறில் 30 ஒரு கிளைக்கதையில் இருக்கிறது, அதை விரும்பினால் விளையாடலாம், இல்லையென்றால் விட்டுவிடலாம். அதைத் தொடாதவர் மீதி எல்லாவற்றையும் நல்லபடி முடித்தால்தான் சரியாக 70 எட்டுவார். ஒரே ஒரு இடத்தில் 5 புள்ளி குறைந்தாலும் கதவு மூடிவிடும். அவர் கெட்டவராக விளையாடவில்லை, ஒரு கிளைக்கதையை விட்டுவிட்டார், அவ்வளவுதான். விகிதமாகக் கணக்கிட்டால் அவருக்கு 70-க்கு 65, அதாவது 93 சதவீதம்.

இதிலும் ஒரு கண்ணி உண்டு. `offered` எப்போது ஏற வேண்டும்? தேர்வு திரையில் உண்மையாகவே வந்த பிறகுதான். அத்தியாயம் தொடங்கியதும் அதன் முழுப் புள்ளியையும் கூட்டிவிட்டால், பார்க்காத காட்சிக்கெல்லாம் தண்டனை விழும்.

விகிதமும் சறுக்கும் என்பதற்கு 2010-இல் வந்த மாஸ் எஃபெக்ட் 2 சரியான உதாரணம். அதில் இரக்கமான நீல வசனமும் கறாரான சிவப்பு வசனமும் திறக்க, அதுவரை கிடைத்திருக்கக்கூடிய புள்ளிகளில் போதுமான பங்கை எடுத்திருக்க வேண்டும். கப்பலில் நம் குழுவைச் சேர்ந்த மிராண்டா, ஜாக் என்ற இரண்டு பெண்கள் சண்டை போடும் காட்சியில் அந்தப் பங்கு இல்லையென்றால், யாராவது ஒருத்தி பக்கம் நின்று மற்றவளின் விசுவாசத்தை இழக்க வேண்டியதுதான். கடைசிப் பணியில் யார் பிழைக்கிறார்கள் என்பதில் அந்த விசுவாசத்துக்குப் பங்கு உண்டு. இடத்துக்கு ஏற்றபடி ஒரு முறை இரக்கமாகவும் ஒரு முறை கறாராகவும் நடந்தவர், அதாவது காட்சியை உண்மையில் யோசித்து விளையாடியவர், இதில் மாட்டிக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு எப்போதும் மேலே இருக்கும் இரக்க வசனத்தை அழுத்தியவர் தப்பித்தார். எனக்கு இது பெரிய அநியாயமாகத்தான் படுகிறது. 2012-இல் மூன்றாம் பாகத்தில் இரண்டு புள்ளிகளையும் சேர்த்து ஒரே ‘மதிப்பு’ என்று ஆக்கினார்கள். பேச்சால் ஒருவரை மாற்றும் வலிமை அந்தக் கூட்டுத்தொகையைப் பொறுத்தது. யோசித்து விளையாடியவருக்கும் கதவு திறந்தது.

ஆகவே விகிதம் எல்லா இடத்துக்கும் மருந்து ஆகாது. காட்சி கேட்பது என்ன என்று பாருங்கள். நாயகனின் பேச்சுக்கு எடை இருக்கிறதா என்பது கேள்வியானால் கூட்டுத்தொகை போதும். இவன் எப்படிப்பட்ட ஆள் என்பதானால் விகிதம். இவன் எனக்கு என்ன செய்தான் என்பதானால் ஃபிளாக் மட்டும்தான். 50 சதவீதத்தில் நிற்பவருக்கு `nurse_neutral` என்று இரண்டு வரி எழுதி ஒதுக்கிவிடாதீர்கள். விளையாடுபவர்களில் நிறையப் பேர் அங்கேதான் வந்து நிற்பார்கள். குழம்பிய மனிதனிடம் ஒரு நர்ஸ் என்ன பேசுவாள் என்று எழுதுவதுதான் சுவையான வேலை.

நல்லதற்கு விலை வைக்காமல் விடுவதும் ஒரு தவறுதான். பயோஷாக் கேமில் ஒரு சிறுமியைக் கொன்றால், சக்திகளை வாங்க உதவும் ஆடம் என்ற பொருள் 160 கிடைக்கும், காப்பாற்றினால் 80. பார்வைக்குக் கடினமான தேர்வுதான். ஆனால் மூன்று பேரைக் காப்பாற்றினால் பரிசாக 200 ஆடம் வந்துவிடும். 480-க்குப் பதில் 440, அதோடு வேறு பொருள்களும். தியாகம் என்று நினைத்துச் செய்தது லாபக் கணக்காகிவிட்டது.

கடைசியாக, முடிவு. மீட்டரை மறைத்து வைப்பதில் தப்பில்லை, ஆனால் அதன் விளைவை மறைக்கக் கூடாது. டிஸ்ஆனர்ட் கேமில் திரையில் எந்த மீட்டரும் ஓடாது. நிறையக் கொன்றால் தெருவில் எலியும் நோயாளிகளும் பெருகுவது பணிக்குப் பணி கண்ணில் படும். கடைசிப் பணிக்கு முன்னால், இத்தனை நாள் படகில் ஏற்றி வந்த சாமுவேலே, நீங்கள் வருவது எதிரிக்குத் தெரியட்டும் என்று வானத்தை நோக்கித் துப்பாக்கியால் சுடுகிறார். அதன் பிறகு வரும் இருண்ட முடிவை யாரும் திடீரென்று வந்ததாகச் சொல்ல மாட்டார்கள்.

உங்கள் கேமை வெளியிடும் முன் நாலு விதமாக ஓட்டிப் பாருங்கள்: முழுக்க நல்லவராக, முழுக்கக் கெட்டவராக, கலந்து, பிறகு கலந்தபடியே கிளைக்கதைகளை விட்டுவிட்டு. ஒவ்வொரு அத்தியாய முடிவிலும் `earned`, `offered` இரண்டையும் திரையில் அச்சிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சிக்கல் பெரும்பாலும் நாலாவது ஓட்டத்தில்தான் தலைகாட்டும். அந்த ஓட்டத்தின் முடிவுக் காட்சியை, மீட்டரே தெரியாத ஒரு நண்பரிடம் படிக்கக் கொடுத்து, நாயகன் செய்தவற்றோடு அது பொருந்துகிறதா என்று கேளுங்கள்.