ஐந்து நிமிடம், இரண்டு நீர்த்துளி: முதல் நுண்ணிலைக் கற்பித்தலுக்கு ஒரு திட்டம்

ஆசிரியர் பயிற்சியில், சக பயிற்சி ஆசிரியர்களையே மாணவர்களாக வைத்து ஐந்து நிமிடம் பாடம் நடத்திப் பழகும் முதல் நுண்ணிலைக் கற்பித்தல் வகுப்புக்கு நான் மூன்று பக்கம் எழுதிக்கொண்டு போனேன். வணக்கம் சொல்வதில் தொடங்கி முடிவுரை வரை எல்லாம் இருந்தது. இரண்டாவது பக்கத்தின் நடுவில் மணி அடித்துவிட்டது. மாணவர்களாக உட்கார்ந்திருந்த நண்பர்கள் மொத்தமாகப் பேசியது நான்கைந்து சொற்கள்தான். ஐந்து நிமிடத்தை 45 நிமிடப் பாடத்தின் சுருக்கம் என்று நினைத்ததுதான் நான் செய்த தவறு.

நுண்ணிலைக் கற்பித்தல் 1960களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவானபோதே அதன் கணக்கு வேறு. நேரம் குறைவு, மாணவர்கள் குறைவு, பழகும் திறனும் ஒன்றே ஒன்று. பாடம் நடத்தி, பின்னூட்டம் வாங்கி, திட்டத்தைத் திருத்தி, மறுபடி நடத்த வேண்டும். பாடம் முடிந்ததா என்று இங்கே யாரும் பார்ப்பதில்லை. எடுத்துக்கொண்ட திறன் தெரிந்ததா என்றுதான் பார்ப்பார்கள்.

1. திறனை முதலில் எடுங்கள், பாடப்பொருளை அப்புறம்

தொடங்குதல், விளக்குதல், வலுவூட்டல், பல்வகைத் தூண்டல், கரும்பலகையைப் பயன்படுத்துதல் என்று பட்டியல் நீளும். முதல் வகுப்புக்குக் கிளர்வினா கேட்டலை எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். மாணவர் சொன்ன பதிலைப் பிடித்துக்கொண்டு, அதிலிருந்தே அடுத்த கேள்வியைக் கேட்பதுதான் கிளர்வினா. இதை எடுத்துக்கொண்டால் நீங்களே பேசித் தீர்க்க முடியாது. மற்றவர்களைப் பேச வைத்தே ஆக வேண்டும்.

பாடப்பொருள் இந்தத் திறனுக்கு இடம் தருவதாக இருக்க வேண்டும். 'ஆவியாதல்' முழுவதும் வேண்டாம், அது பெரியது. 'தண்ணீர் பரந்து கிடந்தால் ஏன் சீக்கிரம் காய்கிறது' என்ற ஒரு துண்டு போதும்.

2. நோக்கத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

'மாணவர் ஆவியாதலைப் புரிந்துகொள்வர்' என்று எழுதினால், புரிந்ததா என்று எப்படிப் பார்ப்பீர்கள்? கண்ணால் பார்க்கவும் காதால் கேட்கவும் முடிகிற செயலாக எழுதுங்கள்: 'மடித்த துணியைவிட விரித்த துணி சீக்கிரம் காய்வதன் காரணத்தை மாணவர் சொந்தச் சொற்களில் சொல்வார்.'

3. நிமிடத்தைப் பங்கிடுங்கள்

முதல் 40 விநாடி: ஒரே மாதிரியான இரண்டு தட்டுகளில் ஒரே அளவு துளி தண்ணீர். ஒன்றை அப்படியே விட்டுவிட்டு, மற்றதை விரலால் மெல்லிய படலமாகத் தேய்த்துவிடுங்கள். ஈரத்துணியை எடுத்துக்கொண்டு போகாதீர்கள், ஐந்து நிமிடத்தில் அது காயாது. மெல்லிய படலம் பெரும்பாலும் காய்ந்துவிடும். ஆனால் மழைநாளில் அதுவும் இழுக்கும். அதனால் முந்தைய நாளே அதே தட்டுகளில் நேரம் பார்த்துவிடுங்கள்.

0:40 முதல் 3:40 வரை: முதன்மைக் கேள்வியும் அதைத் தொடரும் கிளர்வினாக்களும். வகுப்பின் உயிர் இங்கேதான்.

3:40 முதல் 5:00 வரை: தட்டுகளை மறுபடி பார்த்தல், பிறகு துணியைப் பற்றிய கேள்வி. நோக்கம் நிறைவேறியதா என்பது இந்தப் பதிலில் தெரியும்.

4. உங்கள் பேச்சை எழுதாதீர்கள், அவர்கள் பதிலை எழுதுங்கள்

திட்டத்தில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இது. 'எந்தத் தட்டு முதலில் காயும்? ஏன்?' என்று கேட்டால் என்னென்ன பதில் வரலாம் என்று யோசித்து, ஒவ்வொன்றுக்கும் அடுத்த கேள்வியைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

யாரும் வாய் திறக்கவில்லை என்றால் விடையைச் சொல்லிவிடாமல் ஒரு குறிப்பு கொடுங்கள்: 'எந்தத் தட்டில் தண்ணீர் அதிக இடத்தில் காற்றைத் தொடுகிறது?'

பாதிச் சரியான பதில்: 'தேய்த்தது, ஏன்னா அதில் தண்ணீர் கம்மி.' இது நிச்சயம் வரும். 'இரண்டிலும் ஒரே அளவு துளிதானே விட்டோம், அப்படியென்றால் எது மாறியிருக்கிறது?' என்று திருப்பிவிடுங்கள்.

தவறான பதில்: 'தண்ணீரை வெயில் உறிஞ்சிக்கொள்ளும்.' உடனே 'தப்பு' என்று சொல்ல வேண்டாம். 'இந்த அறைக்குள் வெயில் இல்லையே, பிறகு எப்படிக் காய்கிறது?' என்று கேட்டால் அவரே தன் பதிலைச் சோதித்துப் பார்ப்பார்.

சரியான பதில் வந்தாலும் நிறுத்தாதீர்கள். 'பரப்பு அதிகம்' என்று ஒருவர் சொன்னால், 'பரப்பு அதிகமானால் ஏன் சீக்கிரம் காய வேண்டும்?' என்று இன்னொருவரிடம் கேளுங்கள். தண்ணீர் ஆவியாவது அதன் மேற்பரப்பிலிருந்துதான் என்ற விஷயம் அங்கேதான் வெளியே வரும்.

ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. மாணவர்களாக நடிக்கும் சக பயிற்சி ஆசிரியர்கள் எல்லாக் கேள்விக்கும் சரியாகப் பதில் சொல்லி உங்களைக் காப்பாற்றப் பார்ப்பார்கள். அப்போது கிளர்வினாவுக்கு வேலையே இருக்காது. ஒருவரிடம் 'வெயில்' என்று சொல்லும்படி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் எப்போது சொல்வது என்பதை அவரிடமே விட்டுவிடுங்கள்.

5. சுயவிமர்சனம்: எண்ணிவிட்டு எழுதுங்கள்

கைப்பேசியைப் பின்வரிசையில் வைத்துப் பதிவு செய்யுங்கள். அன்றைக்கே பாருங்கள். முதல் முறை பார்க்கும்போது உங்கள் குரலும் கையாட்டமும்தான் கண்ணில் படும், ஒன்றும் எழுத வராது. இரண்டாவது முறை காகிதத்தோடு உட்கார்ந்து, நீங்கள் கேட்ட ஒவ்வொரு கேள்வியையும் கேட்டபடியே எழுதுங்கள். பக்கத்தில் யார் என்ன பதில் சொன்னார், எத்தனை விநாடி காத்திருந்தீர்கள் என்று குறியுங்கள்.

'நன்றாகப் போனது, கொஞ்சம் பதற்றம் இருந்தது, அடுத்த முறை மேம்படுத்துவேன்' என்பது சுயவிமர்சனம் ஆகாது. எந்த வகுப்புக்கும் அதை எழுதலாம். எழுத வேண்டியது இப்படி இருக்கும்:

> மொத்தம் 9 கேள்விகள் கேட்டேன். அதில் 3 'புரிகிறதா?' வகை, 4 நினைவிலிருந்து சொல்லக்கூடியவை, 2 மட்டுமே கிளர்வினா. 1:50-இல் ஒருவர் 'தண்ணீர் கம்மி' என்றார். 'இல்லை, இரண்டும் ஒரே அளவு, பரப்புதான் வேறு' என்று நானே சொல்லிவிட்டேன். திட்டத்தில் இந்தப் பதிலுக்குக் கேள்வி எழுதி வைத்திருந்தும் கேட்கவில்லை. காரணம், கேள்வி கேட்டபின் ஒரு விநாடிகூடக் காத்திருக்கவில்லை. கடைசியில் துணிக் கேள்விக்கு ஒருவர் என் வாக்கியத்தையே திருப்பிச் சொன்னார். அதனால் நோக்கம் நிறைவேறியது என்று சொல்ல முடியாது. மறுகற்பித்தலில்: ஒவ்வொரு கேள்விக்குப் பின்னும் மூன்று விநாடி காத்திருப்பேன்.

இதில் எண் இருக்கிறது, நேரம் இருக்கிறது, மாணவர் சொன்ன சொல் இருக்கிறது, காரணம் இருக்கிறது, ஒரே ஒரு மாற்றம் இருக்கிறது. குரல், பதற்றம், சட்டைக் கையைத் திருகியது எதுவும் இல்லை, அவை இன்றைய திறன் அல்ல. மேற்பார்வையாளர் வேறு நான்கு குறைகள் சொல்லியிருந்தால் தனித்தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று விநாடி என்பதும் சும்மா சொன்னதல்ல. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் அறிவியல் வகுப்புகளைப் பதிவு செய்து கேட்டபோது, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடி அல்லது அதற்கு மேல் நீட்டியபோது மாணவர்களின் பதில்கள் நீண்டன, தாமாகச் சொல்ல வந்தவர்களும் கூடினார்கள்.

6. மறுபடி நடத்துங்கள்

அதே பாடத்தை, முடிந்தால் வேறு குழுவுக்கு நடத்துங்கள். தட்டு, துளி, கேள்விகள் எதையும் மாற்ற வேண்டாம். எல்லாவற்றையும் மாற்றினால் எது உதவியது என்று தெரியாமல் போய்விடும். மூன்று விநாடி மௌனம் நிற்கிறவருக்கு மூன்று நிமிடம் போலத்தான் இருக்கும். நான் கையை முதுகுக்குப் பின்னால் வைத்து ஒவ்வொரு விரலாக மடக்கி எண்ணினேன். மூன்றாவது விரலை மடக்கும்போது, அதுவரை பேசாமல் இருந்த ஒருவர், 'அப்போ துணியைப் பிழிந்து உதறிப் போடுறதும் இதுக்குத்தானா?' என்று கேட்டார். அந்தக் கேள்வி என் திட்டத்தில் இல்லை.